அண்ணாந்து பார்க்கும் கேமரா

ஏஐ கருவி ஒன்றிடம் ஹைதராபாத்தின் சார்மினாரைக் கம்பீரமாகக் காட்டு என்று எழுதிக் கேட்டால் அரை நிமிடத்துக்குள் படம் வந்துவிடும். வளைவுகள், சுதை வேலைப்பாடு, கீழே மக்கள் கூட்டம், மேலே மாலை வெளிச்சம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் மூலைகளில் நிற்கும் மினார்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சரிந்திருப்பதைப் பல படங்களில் காணலாம். அடிப்பகுதி அகன்று உச்சி குறுகி, கட்டடம் பின்புறமாகச் சாய்ந்து விழப்போவது போல ஒரு தோற்றம். வீட்டு மனை விளம்பரத்துக்கோ, புத்தக அட்டைக்கோ, கட்டப்போகும் வீட்டின் மாதிரிக்கோ படம் உருவாக்குகிறவர்கள் எல்லோருமே இதைச் சந்திக்கிறார்கள். சுவர்கள் நேராக நிற்பதில்லை.

கருவிக்குக் கட்டடம் வரையத் தெரியவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சாய்வு பெரும்பாலும் கேமராவிலிருந்து வருகிறது. ஏஐ கருவிக்குள் கேமரா எதுவும் கிடையாதே என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் உண்மையான கேமராவில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

சார்மினார் சதுரமான அடித்தளம் கொண்டது. ஒரு பக்கம் சுமார் 20 மீட்டர். மினார்களின் உயரத்தைக் கணக்குக்காக 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு நேர் எதிரே, 40 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவோடு ஒருவர் நிற்கிறார். கையில் இருப்பது 24 மி.மீ. லென்ஸ். இன்றைய கைபேசிகளின் முதன்மைக் கேமரா காட்டும் பரப்பும் ஏறத்தாழ இதே அளவுதான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேராகப் பிடித்தால், அதற்குத் தரையிலிருந்து சுமார் 31 மீட்டர் உயரம் வரைதான் தெரியும். மினாரின் தலை அறுபட்டுவிடும். அதனால் யாராக இருந்தாலும் செய்வது ஒன்றுதான். கேமராவை அண்ணாத்துவார்கள். இருபது டிகிரி அண்ணாத்தினால் உச்சி உள்ளே வந்துவிடும்.

அந்த இருபது டிகிரியில்தான் கோடுகள் சாய்கின்றன.

ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை, கேமரா நோக்கும் திசையில் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. கேமரா நேராகப் பார்க்கும்போது மினாரின் அடியும் 40 மீட்டர் ஆழம், உச்சியும் 40 மீட்டர் ஆழம். இரண்டும் ஒரே அளவில் பதிவாகும். மினார்கள் இணையாக நிற்கும். கேமரா அண்ணாந்ததும் அந்தத் திசையே மாறிவிடுகிறது. புதிய திசையில் அளந்தால் அடி 37 மீட்டர், உச்சி 54 மீட்டர். உச்சி தூரமாகிவிட்டதால் அங்கே எல்லாமே சுருங்கும். அடியில் 20 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு மினார்கள், உச்சியில் 14 மீட்டர்கூட இல்லாத இடைவெளியில் நிற்பது போலப் படத்தில் தெரியும். நீளமான ரயில் பாதை தொடுவானத்தில் ஒரு புள்ளியில் கூடுவதும் இதே கணக்குதான். தண்டவாளம் குவிவதைக் கண் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. சுவர்கள் குவிந்தால் ஏற்க மறுக்கிறது.

இங்கே பலரும் லென்ஸைக் குறை சொல்வார்கள். அகலக் கோண லென்ஸ் கோடுகளைச் சாய்க்கிறது என்பார்கள். அது முழு உண்மை அல்ல. நேராகப் பிடித்த அகலக் கோண லென்ஸில் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். சாய்வு வருவது அண்ணாத்துவதால். அகலக் கோணம் கட்டடத்துக்கு மிக அருகில் போக இடம் தருகிறது. அருகில் போனால் அண்ணாத்தாமல் தீராது. இரண்டுக்கும் இப்படித்தான் தொடர்பு. எந்தச் சொல்லை மாற்றினால் படம் திருந்தும் என்பதற்கு இந்த வேறுபாடு பின்னால் மிகவும் தேவைப்படும்.

கட்டடங்களைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தச் சிக்கலை வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். துருத்தி வைத்த பெரிய தட்டுக் கேமராக்களில் பின்பக்கத் தட்டைச் செங்குத்தாகவே விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் லென்ஸை மட்டும் மேலே உயர்த்த முடியும். கேமரா அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் படத்தின் எல்லை மேல்நோக்கி நகர்ந்துவிடுகிறது. 1960களின் தொடக்கத்தில் நிக்கான் நிறுவனம் இந்த வசதியைச் சிறிய கேமராவுக்கான 35 மி.மீ. லென்ஸ் ஒன்றில் கொண்டுவந்தது. அத்தகைய லென்ஸ்களுக்கு ஷிஃப்ட் லென்ஸ் என்று பெயர். 2009இல் கேனான் வெளியிட்ட 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. வரை நகர்த்தலாம். சார்மினார் கணக்கில் அதைப் பொருத்திப் பார்த்தால் விடை அழகாக வருகிறது. அதே 40 மீட்டரில், கேமராவை நேராக வைத்து, லென்ஸை 12 மி.மீ. உயர்த்தினால், 31 மீட்டரில் அறுபட்ட காட்சி 51 மீட்டர் வரை எழும்புகிறது. மினாரின் உச்சி படத்துக்குள் வந்துவிடும்; கோடுகளும் சாயாது.

இந்த லென்ஸ் இல்லாதவருக்கும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பின்னால் போவது. கேமராவை நேராகப் பிடித்தபடி முழு உயரமும் தெரிய வேண்டுமானால் சுமார் 65 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும்; அதை வெட்டிவிடலாம். மற்றொன்று, மேலே ஏறுவது. 25 மீட்டர் உயரத்தில், அதாவது கட்டடத்தின் பாதி உயரத்தில் நின்று நேராகப் பார்த்தால், 40 மீட்டர் தூரத்திலேயே அடியும் உச்சியும் அடங்கிவிடும். ஜெர்மனியின் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் பல பத்தாண்டுகள் படமெடுத்த பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி, ஏணியும் சாரமும் ஏறி உயரத்திலிருந்து எடுப்பதை விரும்பினார்கள். அவர்களுடைய படங்களில் இரும்புத் தூண் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, உண்மையான கேமராவில் சாய்வை நீக்க உள்ள வழிகள் இவை: கேமராவை நேராக வை, தூரம் போ, உயரம் ஏறு, லென்ஸை நகர்த்து. ஏஐ கருவிக்குச் சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் இவற்றிலிருந்தே கிளைக்கின்றன.

கருவிக்குள் லென்ஸும் இல்லை, சென்சாரும் இல்லை, 40 மீட்டர் தூரமும் இல்லை. அதனிடம் இருப்பது, கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இணைந்த விளக்க வரிகளையும் பார்த்துப் படிந்த வழக்கம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி 2022இல் வெளிவந்தபோது, அதன் பயிற்சிக்குப் பயன்பட்ட லயான் தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களும் அவற்றுக்கான வரிகளும் இருந்தன. அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு கருவியைப் பழக்கினார்கள். எல்லாம் இணையத்திலிருந்து திரட்டியவை. இணையத்தில் கிடக்கும் கட்டடப் படங்களை யார் எடுத்தார்கள் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். தெருவில் நின்று, கைபேசியை அண்ணாத்தி எடுத்த சுற்றுலாப் பயணிகளின் படங்கள் அவற்றில் ஏராளம். உயரமான கட்டடம் என்றால் மேலே குறுகும் என்பதையே கருவி அவற்றிலிருந்து கற்றிருக்கிறது. எந்தக் குறிப்பும் கொடுக்காமல் கேட்டால் அதைத்தான் தரும்.

நல்ல வேளையாக, அதே குவியலுக்குள் கட்டடக்கலை இதழ்களுக்காக ஷிஃப்ட் லென்ஸில் எடுத்த படங்களும், பின்னர் மென்பொருளில் கோடுகளை நிமிர்த்திய படங்களும் இருக்கின்றன. அவற்றின் விளக்க வரிகள் வேறு மாதிரியானவை. முகப்புத் தோற்றம், கட்டடக்கலைப் புகைப்படம் போன்ற சொற்கள் அவற்றோடு வரும். பிராம்ப்டில் அந்தச் சொற்களை எழுதும்போது, கருவி சுற்றுலாப் படங்களின் பக்கத்திலிருந்து இந்தப் படங்களின் பக்கம் இழுக்கப்படுகிறது. கேமராச் சொற்கள் வேலை செய்யும் விதம் இவ்வளவுதான். அவை கோணத்தைக் கணக்கிட்டுத் திருத்துவதில்லை. அந்தக் கோணத்தில் எடுத்த படங்களின் சாயலை வரவழைக்கின்றன.

இப்போது ஒரு பிராம்ப்டை எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். இந்தக் கருவிகள் பழகிய விளக்க வரிகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்ததால், கேமராச் சொற்களை ஆங்கிலத்தில் தருவதே பலன் தரும். முதலில் பலரும் எழுதுவது:

```
majestic towering Charminar, wide angle,
dramatic view, golden hour
```

இதில் பெரும்பாலான சொற்கள் சாய்வைக் கூப்பிடுகின்றன. வானளாவிய, கம்பீரமான என்ற பொருள் தரும் அடைமொழிகள் கட்டடத்தைப் பற்றியவையாகத் தோன்றினாலும், அவை வழக்கமாக இணைந்திருப்பது கீழிருந்து அண்ணாந்து எடுத்த படங்களோடு. `wide angle` கேமராவைக் கட்டடத்தின் காலடிக்குக் கொண்டுபோகிறது. `dramatic view` மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே முதல் வேலை புதிய சொல் சேர்ப்பது அல்ல. இந்த நான்கையும் எடுத்துவிடுவது. அது மட்டுமே பாதிச் சாய்வைக் குறைத்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு.

அடுத்து, கேமரா எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எந்த லென்ஸ் என்பதைவிட எந்த இடம், எந்த உயரம், எந்தப் பக்கம் என்பவை வலுவாக வேலை செய்யும். ஏனென்றால் அவை படத்தின் பிற விவரங்களையும் சேர்த்து மாற்றுகின்றன. எதிர்க் கட்டட மாடியிலிருந்து பார்க்கும் காட்சி என்றால், கண்மட்டத்தில் வரும் சன்னல்கள், கீழே தெரியும் சாலை எல்லாம் அதற்கேற்ப அமைந்தாக வேண்டும். அண்ணாந்து பார்க்கும் கோணத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

```
architectural photograph of the Charminar,
frontal view of one facade, seen from a
rooftop across the street at mid-height,
camera level, shift lens,
vertical lines parallel, full building in frame
```

மிட்ஜர்னி போன்ற கருவியில் இதன் கடைசியில் `--ar 2:3` என்று சேர்ப்பது நல்லது. உயரமான கட்டடத்தை அகலமான சட்டத்துக்குள் கேட்டால், உச்சியை அடக்குவதற்குக் கருவி மறுபடியும் அண்ணாந்து பார்க்கும் கோணத்துக்கே போகும். செங்குத்தான சட்டம் அந்த நெருக்கடியைத் தளர்த்துகிறது.

மூலையிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும்படி காட்ட வேண்டுமென்றால் `frontal view` என்பதை எடுத்துவிட்டு `corner view, two-point perspective` என்று எழுதலாம். ஓவியமும் கட்டட வரைகலையும் கற்றவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. கிடைக்கோடுகள் இடப்பக்கம் ஒரு புள்ளியிலும் வலப்பக்கம் ஒரு புள்ளியிலும் கூடும். செங்குத்துக் கோடுகளுக்குக் கூடும் புள்ளியே கிடையாது. மூன்றாவது புள்ளி ஒன்று மேலே வந்தால்தான் சுவர்கள் சாயும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, `tilt-shift` என்ற சொல். கட்டடப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் லென்ஸின் சரியான பெயர் அது. ஆகவே அதை எழுதினால் கோடு நிமிரும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் இணையத்தில் அந்தச் சொல்லோடு உலவும் படங்களில் பெரும்பாலானவை, மேலும் கீழும் மங்கலாக்கப்பட்டு நகரமே பொம்மை ஊர் போலத் தெரியும் வேடிக்கைப் படங்கள். அந்த லென்ஸின் சாய்க்கும் வசதியால் வரும் விளைவு அது. நகர்த்தும் வசதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருவி கற்றது அந்தப் பொம்மை ஊரைத்தான். அதனால் `shift lens` என்று மட்டும் எழுதி, கூடவே `sharp throughout` என்று சேர்ப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, வேண்டாம் என்று சொல்வது. `no leaning walls` என்று பிராம்ப்டுக்குள் எழுதினால், மறுப்பைவிட, சாய்ந்த சுவர் என்ற செய்தியே வலுவாகப் போய்ச்சேரும் ஆபத்து இருக்கிறது. வேண்டாதவற்றைச் சொல்ல ஸ்டேபிள் டிஃப்யூஷனில் தனிப் பெட்டி இருக்கிறது. மிட்ஜர்னியில் `--no` என்ற குறி இருக்கிறது. அங்கே `low angle, converging verticals, fisheye` என்று எழுதினால் கருவி அவற்றிலிருந்து விலகிப் போகும்.

லென்ஸ் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. `85mm` என்று எழுதினால் சாய்வு குறைவதைக் காணலாம். நீண்ட லென்ஸ் என்றால் தூரத்திலிருந்து எடுத்தது என்று பொருள். தூரத்திலிருந்து எடுத்தால் அண்ணாத்த வேண்டியது குறைவு. ஆனால் அந்த எண் மனித முகங்களை எடுத்த படங்களோடும் நெருங்கிய உறவு கொண்டது. பின்னணி மங்கி, கட்டடத்தின் ஓரங்கள் குழைந்துபோனால் காரணம் அதுவாக இருக்கலாம். எண்ணைவிட `photographed from far away` என்று தூரத்தையே சொல்லிவிடுவது நேரடியானது.

எந்தச் சொல் வேலை செய்தது என்று அறிய ஒரு முறை உண்டு. இக்கருவிகள் ஒவ்வொரு படத்தையும் ஒரு தற்செயலான புள்ளிக் கலவையிலிருந்து தொடங்குகின்றன. அதற்குரிய `seed` எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதுதான் வந்த மாற்றம் சொல்லால் வந்ததா, தற்செயலா என்று தெரியும். கட்டடம் எங்கே, எந்தக் கோணத்தில் என்ற அமைப்பு முழுவதும் தொடக்கப் படிகளிலேயே பெருமளவு உறுதியாகிவிடுகிறது. பிந்தைய படிகள் கல்லையும் நிழலையும் மெருகேற்றுகின்றன. முடிந்த படத்தைக் கொடுத்து லேசாகத் திருத்தச் சொன்னால் சாய்வு போகாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். புதிதாகத் தொடங்குவதே வழி.

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்கான சாய்வைப் பற்றி. ஒழுங்கற்ற சாய்வு என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு எந்தக் கேமராச் சொல்லும் மருந்தாகாது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடிக்கோல் போதும். படத்தில் செங்குத்தாக இருக்க வேண்டிய கோடுகளை, மினார்களின் நடு அச்சு, சுவரின் மூலை, சன்னல் சட்டம் என ஐந்தாறு இடங்களில், மேல்நோக்கி நீட்டி வரைய வேண்டும். எல்லாம் ஒரே புள்ளியில் கூடினால், அல்லது எல்லாம் இணையாகவே போனால், அந்தப் படத்துக்கு ஒரே ஒரு கேமரா நிலை இருக்கிறது என்று பொருள். சொற்களை மாற்றி அந்தக் கேமராவை நகர்த்தலாம். இடது மினார் ஒரு புள்ளிக்கும், வலது மினார் இன்னொரு புள்ளிக்கும், சன்னல்கள் மூன்றாவது திசைக்கும் போனால், அப்படி ஒரு கேமரா உலகில் இருக்கவே முடியாது. கருவி ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு படங்களின் பழக்கத்தில் வரைந்திருக்கிறது. போலிப் படங்களைக் கண்டறிவதில் பெயர் பெற்ற ஹானி ஃபரித் 2022இல் டால்-ஈ 2 கருவியின் படங்களில் இத்தகைய முரண்களை ஆராய்ந்து எழுதினார். 2024இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று, நிழல், கோடு, பார்வைக் கோணம் ஆகிய வடிவியல் தடயங்களை மட்டும் கொண்டே ஏஐ படங்களை உண்மைப் படங்களிலிருந்து பிரிக்க முடிகிறது என்று காட்டியது. கண்ணுக்கு முழுமையாகத் தெரிகிற படத்திலும் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அடிக்கோல் சோதனையில் தோற்ற படத்தை மென்பொருளில் நிமிர்த்தவும் முடியாது. லைட்ரூம் போன்றவற்றில் உள்ள நிமிர்த்தும் வசதி, படம் முழுவதையும் ஒரே விதிப்படி இழுத்துத் திருத்துகிறது. ஒழுங்கான சாய்வுக்கு அது நல்ல தீர்வு. ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான். ஒழுங்கற்ற சாய்வில் ஒரு மினாரை நிமிர்த்தினால் இன்னொன்று மேலும் கோணலாகும். அங்கே சொல்லை விட்டுக் கோட்டுக்குப் போக வேண்டும். 2023இல் வந்த கன்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவி, கையால் வரைந்த நேர்கோட்டு வரைபடத்தையோ, ஆழத்தைக் காட்டும் சாம்பல் நிறப் படத்தையோ ஏற்றுக்கொண்டு அதன் மேல் கட்டடத்தை எழுப்பும். நான்கு செங்குத்துக் கோடுகளும் ஒரு சதுரமும் வரைந்து கொடுத்தால் மினார்கள் பெரும்பாலும் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே நிற்கும். கட்டட வடிவமைப்பாளர்கள் வெறும் சொற்களை நம்பாமல் இந்த வழியைத் தேர்வது புரிந்துகொள்ளக் கூடியதே.

நிமிர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக அருகில் நின்று எடுத்தது போன்ற காட்சியில் கோடுகளை நூல் பிடித்தது போல இணையாக்கினால், உச்சி கனத்துப்போய்க் கட்டடம் மேலே விரிவது போலத் தெரியும். அருகில் நிற்கிறவரின் கண் சிறிது குவிவை எதிர்பார்க்கிறது. கட்டடப் புகைப்படக்காரர்களில் பலர் திருத்தும்போது ஒரு துளிக் குவிவை வேண்டுமென்றே விட்டுவைப்பது இதனால்தான். பிராம்ப்டிலும், காலடியிலிருந்து பார்க்கும் காட்சி ஒன்று, இணையான கோடுகள் ஒன்று என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்பது கருவியைக் குழப்பும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டியது, உண்மையிலேயே சாய்ந்த கட்டடங்களின் விஷயத்தில். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் அடியில் அகன்று தலையில் குறுகுவது கேமராவின் வேலை அல்ல, கட்டியவர்களின் வேலை. நமது கோபுரங்களும் அப்படியே. இவற்றுக்கு `vertical lines parallel` என்று எழுதினால், குறுகும் வடிவத்தையே கருவி பிழையாக எடுத்துக்கொண்டு அடுக்குமாடிக் கட்டடம் போல நிமிர்த்திவிடக்கூடும். தாஜ்மகாலின் நான்கு மினார்களோ, விழுந்தாலும் சமாதி மேல் விழாதபடி வெளிப்புறமாகச் சற்றே சாய்த்துக் கட்டப்பட்டவை என்று கூறுவார்கள். அண்ணாந்த கேமரா அவற்றை உட்புறமாக இழுக்கும். திருத்தும் சொல் அவற்றைச் செங்குத்தாக்கும். இரண்டுமே தவறான தாஜ்மகால். இத்தகைய கட்டடங்களுக்குக் கோடுகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேமராவை மட்டும் சொல்லிவிடுவது மேல்: தூரத்திலிருந்து, பாதி உயரத்தில், `camera level`. கட்டடத்தின் வடிவத்தைச் சொல்ல `tapering tower` போன்ற சொல்லைத் தனியே சேர்க்கலாம். வந்த படத்தைக் கட்டடத்தின் அளவு வரைபடத்தோடோ, நேராக எடுத்த நல்ல புகைப்படத்தோடோ அடிக்கும் உச்சிக்கும் உள்ள அகல விகிதத்தில் ஒப்பிட்டால், மிச்சமிருக்கும் சாய்வு கட்டியவருடையதா கேமராவினுடையதா என்று தெரிந்துவிடும்.